டேட்டாவைத் தீர்ப்பது எந்தச் செயலி, எந்த நேரத்தில்: டேட்டா பயன்பாட்டு ஸ்கிரீன்ஷாட்டைப் படிக்கும் முறை

மொபைல் டேட்டா நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும்போது, நம்மில் பலரும் அமைப்புகளுக்குள் சென்று டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, பட்டியலில் முதலில் நிற்கும் செயலியையே காரணம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். முதலில் நிற்பது பெரும்பாலும் காணொளிச் செயலியாக இருக்கும். அதை நாமே விரும்பித் திறந்து பார்த்திருப்போம். நமக்குத் தெரியாமல் டேட்டாவை எடுத்த செயலியோ மூன்றாவது, நான்காவது வரியில் கண்ணில் படாமல் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு போனின் டேட்டா ஒவ்வொரு மாதமும் பாதியிலேயே தீர்ந்துகொண்டிருந்தபோது, இந்த ஒரு பக்கத்தைச் சரியாகப் படிப்பதற்கு எனக்கு நெடுநாள் பிடித்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் தெரியும் ஒவ்வோர் எண்ணும் ஒரு தொடக்கத் தேதியிலிருந்து இந்த நிமிடம் வரை சேர்ந்துவந்த மொத்தம். ஆகவே ஒரு ஸ்கிரீன்ஷாட் எவ்வளவு என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது. எப்போது என்பதை அறிய இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் வேண்டும்; ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கழித்தலைப் பிழையின்றிச் செய்வதற்கானவை.

1. சரியான பக்கத்தைத் திறங்கள்

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் பகுதிக்குச் சென்றால், `App data usage` அல்லது `Mobile data usage` என்ற பெயரில் இந்தப் பக்கம் இருக்கும். தயாரிப்பு நிறுவனத்துக்கு ஏற்ப வழி சற்று மாறும் என்பதால், அமைப்புகளின் மேலே உள்ள தேடல் பெட்டியில் `data usage` என்று தட்டுவதே சுருக்கமான வழி. ஐபோனில் அமைப்புகளுக்குள் `Mobile Data` அல்லது `Cellular` என்ற பகுதியைத் திறந்து கீழே நகர்த்தினால் செயலிகளின் பட்டியல் வரும்.

இங்கே இரண்டு இடங்களில் தடம் மாற வாய்ப்பு உண்டு. வைஃபை வழியாகச் சென்ற டேட்டாவுக்கு ஆண்ட்ராய்டில் தனிப் பக்கம் இருக்கிறது. அதுவும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். பட்டியலில் உள்ள எண்கள் உங்கள் திட்டத்தின் அளவைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், நீங்கள் வைஃபை பக்கத்தில் நிற்கிறீர்களா என்று தலைப்பைப் பாருங்கள். இன்னொன்று, போனில் இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொரு சிம்முக்கும் கணக்கு தனி. டேட்டாவுக்கு எந்த சிம்மைப் பயன்படுத்துகிறீர்களோ அதன் பக்கத்தைத்தான் படம் எடுக்க வேண்டும். இடையில் சிம்மை மாற்றியிருந்தால் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. தேவையான படங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு செய்யும் ஆய்வு பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மூன்று வகைப் படங்கள் வேண்டும். முதலாவது, மொத்த அளவும் தேதி வரம்பும் வரைபடமும் தெரியும் மேல்பகுதி. இரண்டாவது, செயலிகளின் பட்டியல். அது ஒரு திரையில் அடங்காது என்பதால், கீழே நகர்த்தி, எண்கள் சில எம்பி என்ற அளவுக்குச் சுருங்கும் வரை அடுத்தடுத்த படங்களாக எடுங்கள். முந்தைய படத்தின் கடைசி வரி அடுத்த படத்தின் முதல் வரியாக இருக்குமாறு எடுத்தால் இடையில் ஒரு செயலியும் விடுபடாது. மூன்றாவது, முதல் ஐந்து ஆறு செயலிகள் ஒவ்வொன்றையும் தட்டினால் திறக்கும் தனிப் பக்கம். இது ஆண்ட்ராய்டில் மட்டும் உண்டு. இதன் பயனை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

படத்தின் மேல் ஓரத்தில் தெரியும் கடிகாரத்தை வெட்டிவிடாதீர்கள். எந்த நேரத்தில் எடுத்தது என்பதற்கு அதுவே சான்று. பல ஆண்ட்ராய்டு போன்கள் தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கின்றன. எடுத்துக்காட்டாக, கீழே உள்ள பெயரில் 2025 மார்ச் 14, இரவு 9 மணி 30 நிமிடம் 5 விநாடி என்பது அடங்கியிருக்கிறது.

```
Screenshot_20250314-213005.png
```

ஐபோனில் அந்தப் படத்தைத் திறந்து மேல்நோக்கி நகர்த்தினால் எடுத்த நேரம் தெரியும். செய்திச் செயலி வழியாக அனுப்பினால் பெரும்பாலும் கோப்பின் பெயர் மாறிவிடும், படமும் சுருக்கப்பட்டு எண்கள் மங்கலாகும். எனவே மூலப் படத்தை போனிலேயே ஒரு தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.

3. எண்ணுக்கு முன் தேதியைப் படியுங்கள்

ஆண்ட்ராய்டுப் பக்கத்தின் மேலே இரண்டு தேதிகள் இருக்கும். கணக்கு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை அவை காட்டுகின்றன. இந்தத் தொடக்க நாளை போன் தானாக ஊகித்து வைத்திருக்கிறது. உங்கள் திட்டம் புதுப்பிக்கப்படும் நாளும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திட்டம் 5ஆம் தேதி தொடங்கும்போது போன் 1ஆம் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால், முந்தைய திட்டத்தின் நான்கு நாள் பயன்பாடும் இந்தத் திட்டத்தின் தலையில் ஏறிவிடும். கணக்குக் காலத்துக்கான அமைப்பில் தொடக்க நாளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆய்வைத் தொடங்கும் முன் மாற்றுங்கள். இரண்டு படங்களுக்கு நடுவில் மாற்றினால் கழித்தல் பொருளற்றதாகிவிடும்.

அதே காரணத்தால், கணக்குக் காலம் முடிகிற நாளன்று இரவில் ஒரு படமும் மறுநாள் காலையில் இன்னொரு படமும் எடுத்து ஒப்பிடாதீர்கள். நள்ளிரவில் எண்கள் பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கும். தேதிகளைத் தட்டினால் முந்தைய கணக்குக் காலங்களும் பட்டியலாக வரும். இம்மாதம் மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி இருந்தால் சென்ற காலத்தைத் தேர்ந்தெடுத்து அதையும் படமாக எடுத்துக்கொள்ளலாம்.

4. பட்டியலை மேலிருந்து கீழாகக் கூட்டிப் பாருங்கள்

பட்டியல் அதிகம் எடுத்த செயலியில் தொடங்கிக் குறைவாக எடுத்ததில் முடியும். ஒவ்வொரு வரியிலும் செயலியின் பெயரும், அளவும், பல போன்களில் ஒரு கிடைக்கோடும் இருக்கும். அந்தக் கோட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் முதல் செயலியின் கோடுதான் முழு நீளம். மற்றவை அதனோடு ஒப்பிட்டு வரையப்படுகின்றன. முதல் கோடு திரை முழுவதும் நிறைந்திருப்பதால் டேட்டா முழுவதையும் அதுவே எடுத்தது போலத் தோன்றும்; கணக்குப் பார்த்தால் அது மொத்தத்தில் பாதியைக்கூட எட்டாமல் இருக்கலாம்.

எண்ணைப் படிக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள அலகையும் சேர்த்தே படியுங்கள். 1.60 ஜிபிக்குக் கீழே 900 எம்பி என்று வரும்போது, அவசரத்தில் பார்ப்பவருக்கு 900தான் பெரிதாகத் தெரியும். கூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1 ஜிபி என்பதைச் சில இடங்களில் 1000 எம்பியாகவும் சில இடங்களில் 1024 எம்பியாகவும் கொள்கிறார்கள். கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படியிலும் இதே வேறுபாடு சேர்ந்துகொண்டே போவதால், ஜிபி அளவில் ஏறத்தாழ 7 சதவீதம் வரை வேறுபாடு வரலாம். போன் காட்டும் அளவும் சேவை நிறுவனம் காட்டும் அளவும் சற்றே விலகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சிறு விலகலைத் துரத்த வேண்டாம். நமக்குத் தேவை செயலிகளுக்கிடையே உள்ள ஒப்பீடு.

பிறகு பட்டியலின் எண்களைக் கூட்டி மேலே உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறையப் பொருந்தினால் எல்லா வரிகளையும் படம் எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். பெரிய இடைவெளி இருந்தால் ஒரு படம் விடுபட்டிருக்கிறது.

இனி வரும் படிகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவை மட்டுமே பயன்படுத்தும் ஒருவரின் ஆண்ட்ராய்டு போன்; கணக்கு 5ஆம் தேதி தொடங்குகிறது; 20ஆம் தேதி இரவு 10 மணிக்கு எடுத்த படத்தில் இப்படி இருக்கிறது.

மொத்தம்: 18.40 ஜிபி
யூடியூப்: 7.20 ஜிபி
வாட்ஸ்அப்: 3.90 ஜிபி
பிளே ஸ்டோர்: 2.80 ஜிபி
குரோம்: 1.60 ஜிபி
கூகுள் போட்டோஸ்: 1.50 ஜிபி
இன்ஸ்டாகிராம்: 900 எம்பி
மற்றவை எல்லாம் சேர்த்து: 500 எம்பி

கூட்டினால் 18.40 வருகிறது, விடுபட்டது ஒன்றும் இல்லை. யூடியூப் முதலிடத்தில் இருந்தாலும் மொத்தத்தில் அதன் பங்கு 39 சதவீதம்தான். மீதியுள்ள 11.20 ஜிபி எங்கே போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

5. முன்னணியையும் பின்னணியையும் பிரியுங்கள்

ஆண்ட்ராய்டில் ஒரு செயலியின் வரியைத் தட்டினால் `Foreground`, `Background` என்று இரண்டு அளவுகள் தனித்தனியே தெரியும். முன்னணி என்பது அந்தச் செயலி திரையில் திறந்திருந்தபோது சென்ற டேட்டா. பின்னணி என்பது நீங்கள் வேறு செயலியில் இருந்தபோதோ, திரை அணைந்திருந்தபோதோ அது எடுத்த டேட்டா. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்டவை இந்த இரண்டு எண்கள்தாம். ஒரு செயலி நிறைய எடுத்திருக்கிறது என்பதைவிட, நீங்கள் பார்க்காதபோது நிறைய எடுத்திருக்கிறது என்பதே சரிசெய்யக்கூடிய செய்தி.

மாதிரியில் யூடியூப்பின் 7.20 ஜிபியில் 7.00 முன்னணி, 0.20 மட்டுமே பின்னணி. அது பார்த்ததற்கான கணக்கு. குறைக்க வேண்டுமானால் காணொளியின் தரத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் 1.30 முன்னணி, 2.60 பின்னணி. பிளே ஸ்டோரில் 0.20 முன்னணி, 2.60 பின்னணி. கூகுள் போட்டோஸில் 0.10 முன்னணி, 1.40 பின்னணி. இந்த நான்கின் பின்னணியை மட்டும் கூட்டினால் 6.80 ஜிபி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், கை படாமலே போயிருக்கிறது.

பின்னணி என்றாலே வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திரையை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்டால் அது பெரும்பாலும் பின்னணிக் கணக்கில்தான் சேரும். வழிகாட்டும் வரைபடச் செயலியின் குரலைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டும்போதும் அப்படியே. உங்களுக்கு வேண்டியதாக இருந்த பின்னணி எது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

6. வரைபடத்தில் செங்குத்தான இடத்தைத் தேடுங்கள்

பட்டியலுக்கு மேலே உள்ள வரைபடத்தைப் பலரும் அலங்காரமாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். எப்போது என்ற கேள்விக்கு ஒரே படத்தில் கிடைக்கும் முதல் பதில் அதில்தான் இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அது நாள்தோறும் கூடிக்கொண்டே செல்லும் கோடு. கோடு உயரத்தில் இருக்கிறது என்பதால் அந்த நாளில் அதிகம் செலவாயிற்று என்று பொருள் அல்ல. அதுவரை சேர்ந்த மொத்தம் அவ்வளவு என்றுதான் பொருள். கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அந்த நாள்தான் அதிகம் செலவான நாள். எங்கே படுத்துக் கிடக்கிறதோ அந்த நாளில் செலவு இல்லை. வேறு சில போன்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித் தூண் வரைகின்றன. அதில் உயரமான தூண்தான் அதிகச் செலவு. உங்கள் போன் இவற்றில் எதைக் காட்டுகிறது என்பதை அறிய, கடைசிப் புள்ளியைப் பாருங்கள்: அதன் உயரம் மொத்தத்துக்குச் சமமாக இருந்தால் அது கூடிச்செல்லும் கோடு.

இந்த வரைபடத்துக்கும் எல்லை உண்டு. எந்த நாள் என்று காட்டும். அந்த நாளில் எந்தச் செயலி, எந்த மணி என்று காட்டாது. அதற்குத்தான் அடுத்த படி.

7. இரண்டு படங்களை எடுத்துக் கழியுங்கள்

இரவு தூங்கும் முன் ஒரு தொகுதிப் படம், காலையில் எழுந்தவுடன் போனில் வேறெதையும் திறக்கும் முன் இன்னொரு தொகுதி, மறுநாள் இரவு மூன்றாவது தொகுதி. இந்த மூன்றும் இருந்தால் ஓர் இரவும் ஒரு பகலும் பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தை முழுவதும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தபின் படம் எடுங்கள். முன்பே திறந்து கிடந்த பக்கத்தில் பழைய எண்களே நின்றிருக்கலாம். பட்டியலின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், வரிக்கு வரி ஒப்பிடாமல் பெயருக்குப் பெயர் ஒப்பிடுங்கள்.

மாதிரிக்குத் திரும்புவோம். 21ஆம் தேதி காலை 6.30 மணிப் படத்தில் மொத்தம் 19.62 ஜிபி. இரவுப் படத்தோடு கழித்தால், போன் மேசையில் கிடந்த எட்டரை மணி நேரத்தில் 1.22 ஜிபி போயிருக்கிறது. பெயருக்குப் பெயர் கழித்தால் இப்படி வருகிறது.

பிளே ஸ்டோர்: 2.80 இருந்தது 3.42 ஆயிற்று, 0.62 ஜிபி
கூகுள் போட்டோஸ்: 1.50 இருந்தது 2.02 ஆயிற்று, 0.52 ஜிபி
வாட்ஸ்அப்: 3.90 இருந்தது 3.96 ஆயிற்று, 0.06 ஜிபி
இன்ஸ்டாகிராமும் மற்றவையும் சேர்ந்து: 0.02 ஜிபி
யூடியூப், குரோம்: மாற்றம் இல்லை

அன்று இரவு 10 மணிக்கு எடுத்த மூன்றாவது படத்தில் மொத்தம் 20.52 ஜிபி. ஆகவே பகல் பதினைந்தரை மணி நேரத்துக்கு 0.90 ஜிபி: யூடியூப் 0.45, வாட்ஸ்அப் 0.27, குரோம் 0.10, இன்ஸ்டாகிராம் 0.06, போட்டோஸ் 0.02. நாள் முழுவதும் கையில் வைத்துப் பயன்படுத்தியதைவிட, தூங்கிய நேரத்தில் செலவானது அதிகம். முதல் படத்தை மட்டும் பார்த்தவர் யூடியூப்பைத்தான் குறை சொல்லியிருப்பார்.

இரவில் ஏன் என்பதற்குக் காரணம் எளிது. செயலிகளைப் புதுப்பிப்பது, படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்புவது போன்ற பெரிய வேலைகளை, போன் சும்மா இருக்கும்போதும் சார்ஜில் இருக்கும்போதும் செய்யுமாறு மென்பொருளை அமைத்திருக்கிறார்கள். வைஃபையில் மட்டும் என்ற கட்டுப்பாடு இருந்தால் இதனால் தொல்லை இல்லை. எந்த நெட்வொர்க்கிலும் செய்யலாம் என்று அமைப்பு மாறியிருந்தால், மொபைல் டேட்டாவில் அதே வேலை நடந்துவிடும்.

ஆனால் ஓர் இரவின் கணக்கை வைத்து மாதத்தைக் கணித்துவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் முதல் படம் மீண்டும் கைகொடுக்கும். பிளே ஸ்டோரின் பின்னணி 5ஆம் தேதி முதல் 20 வரை, அதாவது 16 நாளில், 2.60 ஜிபி, சராசரி நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 எம்பி. அந்த ஓர் இரவிலோ 620 எம்பி. எனவே அன்று பல செயலிகளுக்கு ஒன்றாகப் புதுப்பிப்பு வந்திருக்கிறது. தினமும் அப்படி நடப்பதில்லை. போட்டோஸின் பின்னணிச் சராசரி ஏறத்தாழ 90 எம்பி. அந்த இரவில் 520 எம்பி என்றால், அன்றைக்கு நீண்ட காணொளி ஒன்றைப் படம்பிடித்திருக்க வேண்டும். மாத மதிப்பீட்டுக்குச் சராசரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டும் சேர்த்து நாளுக்கு 250 எம்பி, 30 நாளுக்கு 7.5 ஜிபி. குறைந்தது மூன்று இரவுகளுக்கு இப்படிப் படம் எடுத்தால், சராசரியும் தனி இரவும் எவ்வளவு விலகுகின்றன என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பின் கணக்கு வேறு மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். அதன் பின்னணிச் சராசரியும் நாளுக்கு ஏறத்தாழ 160 எம்பிதான். ஆனால் இரவில் 60 எம்பி மட்டுமே போனது. மீதி பகலில் போகிறது. அதாவது, குழுக்களில் மற்றவர்கள் அனுப்பும் படங்களும் காணொளிகளும், நீங்கள் திறந்து பார்க்கும் முன்பே தாமாக இறங்குகின்றன. அந்தச் செயலிக்குள்ளேயே `Storage and data` என்ற பகுதியில் `Network usage` என்ற பக்கம் இருக்கிறது. அழைப்புக்கு எவ்வளவு, ஊடகத்துக்கு எவ்வளவு, காப்புநகலுக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும். அதையும் ஒரு படம் எடுத்தால் ஊகம் உறுதியாகும்.

ஜிபியில் தெரியும் எண்களுக்கு இரண்டு தசம இலக்கம்தான் இருக்கும் என்பதால், 10 எம்பிக்குக் குறைவான மாற்றம் இந்தக் கழித்தலில் தெரியாது. அதைப் பொருட்படுத்தத் தேவையும் இல்லை.

8. பெயர் புரியாத வரிகள்

ஹாட்ஸ்பாட் என்ற வரி இருந்தால், உங்கள் போன் வழியாக வேறொரு கருவி எடுத்த டேட்டா அது. மடிக்கணினியை இணைத்திருந்த நேரத்தில் அது தன் மென்பொருளைப் புதுப்பித்திருந்தால் பெரிய எண் தெரியும். அதற்கான காரணத்தை போனுக்குள் தேடிப் பயன் இல்லை. நீக்கப்பட்ட செயலிகள் என்ற வரி, இந்தக் கணக்குக் காலத்தில் போனில் இருந்து பிறகு அகற்றப்பட்டவற்றின் கூட்டுத்தொகை; அவற்றை இனிப் பிரிக்க இயலாது. இயங்குதளத்தின் பெயரிலும் சேவைகளின் பெயரிலும் உள்ள வரிகள் சில நூறு எம்பிக்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

ஒரு காணொளியை உலாவியில் பார்த்தால் அது உலாவியின் கணக்கில் சேரும், காணொளித் தளத்தின் பெயரில் வராது. சமூக வலைச் செயலிக்குள் ஓடும் காணொளி அந்தச் செயலியின் கணக்கு. குரோமின் எண் பெரிதாக இருந்தால், நிறைய வாசித்தேன் என்று எண்ணுவதற்கு முன், உலாவிக்குள் எதைப் பார்த்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

9. ஐபோனில் மாறுபவை

ஐபோன் பக்கத்தில் `Current Period` என்று காணப்படும் அளவு மாதக் கணக்கு என்று தோன்றும். உண்மையில், யாராவது கையால் பூஜ்யமாக்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தம் அது. ஒருபோதும் பூஜ்யமாக்காத போனில் பல ஆண்டுக் கணக்கும் அதில் இருக்கலாம். பக்கத்தின் அடியில் `Last Reset` என்ற தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி தெரியாத ஐபோன் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அதே இடத்தில் உள்ள `Reset Statistics` என்பதைத் தட்டினால் எல்லா எண்களும் பூஜ்யமாகும். திரும்பப் பெற வழி இல்லை. ஆகவே முதலில் முழுப் பட்டியலையும் படம் எடுத்துவிட்டு, உங்கள் திட்டம் புதுப்பிக்கப்படும் நாளில் பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு மாதமும் அதே நாளில் நீங்களே இதைச் செய்ய வேண்டும் என்பதால் நினைவூட்டல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே முன்னணி, பின்னணி என்ற பிரிவு கிடையாது. அதற்கு ஈடாக பேட்டரிப் பக்கம் உதவும். எந்தச் செயலி எவ்வளவு நேரம் திரையில் இருந்தது, எவ்வளவு நேரம் பின்னணியில் இயங்கியது என்று அது காட்டும். டேட்டா கழித்தலில் இரவில் பெரிதாகக் கூடிய செயலி, பேட்டரிப் பக்கத்தில் அதே நேரத்தில் பின்னணியில் இயங்கியதாகத் தெரிந்தால் இரண்டும் பொருந்துகின்றன. ஆண்ட்ராய்டுக்காரர்களும் திரை நேரக் கணக்கை இதே போலத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்: திரை நேரம் பூஜ்யமாக இருந்த மணிகளில் டேட்டா கூடியிருந்தால் அது பின்னணிதான்.

பட்டியலின் கடைசியில் `System Services` என்ற வரியைத் தட்டினால் உள்ளே தனிப் பட்டியல் விரியும். அதையும் படம் எடுங்கள். `Wi-Fi Assist` என்பதன் பக்கத்தில் ஓர் அளவு இருக்கும். வைஃபை சமிக்ஞை வலுவிழந்தபோது போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறி எடுத்தது அது. வைஃபையில்தானே இருந்தேன் என்று நீங்கள் உறுதியாக நம்பும் நேரத்தில் டேட்டா குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

10. ஒவ்வொன்றாக மாற்றி, மறுபடியும் கழியுங்கள்

காரணம் தெரிந்தபின் எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது; தேவையான செய்திகளும் தாமதமாக வரத் தொடங்கும். ஓர் இரவுக்கு ஒரு மாற்றம் போதும். மாதிரியில் உள்ளவருக்கு, முதல் இரவில் பிளே ஸ்டோரின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, தேவையான செயலிகளை மட்டும் தானே புதுப்பிப்பது பொருந்தும். வைஃபை இல்லாதவர் புதுப்பிப்பை அடியோடு விட்டுவிடக் கூடாது. வங்கிச் செயலி, உலாவி போன்றவற்றின் புதுப்பிப்புகள் பாதுகாப்புக்கு வேண்டியவை, அதற்கான டேட்டாவைச் செலவாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த இரவில் கூகுள் போட்டோஸில் மொபைல் டேட்டா வழியான காப்புநகலுக்கு நாளொன்றுக்கான வரம்பு வைக்கலாம். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது காணொளிகள் தாமாக இறங்குவதை நிறுத்தலாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இரவு நேரத்தில் ஒரு படம், அதே காலை நேரத்தில் ஒரு படம். பிளே ஸ்டோரின் எண் இரவில் அசையாமல் நின்றால் அந்த மாற்றம் பிடித்துவிட்டது. மாற்றிய பின்னும் கூடியிருந்தால், மாற்றத்துக்கு முன்பே தொடங்கிய பதிவிறக்கம் ஏதேனும் பாதியில் நின்றிருந்து முடிந்ததா என்று பாருங்கள். அது இல்லை என்றால் மறு இரவும் ஒரு முறை கழித்துப் பாருங்கள்.

இந்தப் படங்களை உதவி கேட்டு வேறொருவருக்கு அனுப்ப நேர்ந்தால், அனுப்பும் முன் ஒரு முறை உற்றுப் பாருங்கள். செயலிகளின் பட்டியல் நீங்கள் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறீர்கள், எந்த மருத்துவச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையெல்லாம் காட்டிவிடும்; மேல் ஓரத்தில் அறிவிப்புகளும் இருக்கலாம். அத்தகைய வரிகளின் பெயரை மட்டும் கறுப்பாக்கி, எண்ணை விட்டுவையுங்கள். எண்ணும் மறைந்தால் கூட்டுத்தொகை பொருந்தாது. கடிகாரமும் தேதி வரம்பும் தெரியும்படி விட்டு, இரவுப் படத்தையும் காலைப் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.